‘ஐயா’வுக்கும் ‘உண்மையுள்ள’வுக்கும் நடுவே

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் தமிழ் வினாத்தாளில் கடிதத்துக்கு ஐந்து மதிப்பெண். பாடத்தில் பின்தங்கிய பிள்ளைகூடத் தைரியமாகத் தொடுகிற கேள்வி அது. செய்யுள் மறந்துபோகும், இலக்கணம் குழப்பும், கடிதம் கைவிடாது என்பது வகுப்பறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் முழு ஐந்தையும் வாங்கியவர்களைவிட நாலரையிலும் நாலிலும் நின்றவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். போன அரை மதிப்பெண் எங்கே போனது என்று தேடினால், பெரும்பாலும் கடிதத்தின் உடம்பில் இருக்காது. மேலே ‘ஐயா’ இருக்க வேண்டிய வரியிலோ, கீழே ‘தங்கள் உண்மையுள்ள’ இருக்க வேண்டிய வரியிலோ இருக்கும்.

அந்த இரண்டு வரிகளை நான் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்தில் அல்ல. என் தாய்மாமா தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக்கொண்டிருந்தவர். புளியமரத்தடியில் ஒரு மடக்கு மேசை, ஒரு ஸ்டூல், வெள்ளைத் தாள் கட்டு, மைப் பேனா, ஒட்டுவதற்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். முழுப் பரீட்சை விடுமுறையில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை மேசையில் காத்துக்கிடக்கும் மனுக்களைப் படித்துக்கொண்டிருப்பேன்.

மாமா எழுத ஆரம்பிக்குமுன் இரண்டே கேள்வி கேட்பார். “யாருக்குப் போவணும்? என்ன கேக்கணும்?” வருகிறவர்கள் கதையை எங்கிருந்தோ தொடங்குவார்கள். மகன் கைவிட்டது, மழையில் சுவர் விழுந்தது, கிராம அதிகாரியைப் பார்க்கப் போய்ப் பார்க்க முடியாமல் திரும்பியது. எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். ஆனால் அந்த இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்காமல் பேனாவைத் திறக்க மாட்டார். ஏனென்றால் மனுவின் முதல் வரி அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

முதியோர் உதவித்தொகை கேட்டு ஒரு கிழவி வந்திருந்தார். மாமா “உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்” என்று பெறுநரை எழுதிவிட்டு, “ஐயா, வணக்கம்” என்று போட்டார். படித்துக் காட்டச் சொன்ன கிழவிக்கு அது போதவில்லை.

“சாமி, கால்ல விழுந்து கும்பிட்டுக்கிறேன்னு போடுய்யா. அப்பத்தான மனசு எறங்கும்.”

“ஆத்தா, கும்பிடுறதுன்னா நேர்ல பாக்கும்போது கும்பிட்டுக்க. காயிதத்துல வேணாம். இது நீ கேக்குற தர்மம் இல்ல. கவருமெண்டு ஒனக்குன்னு வச்சிருக்கிற பணம். மரியாத இருந்தாப் போதும்.”

மனுவின் அடியிலும் அப்படித்தான். அவருக்கு முந்திய தலைமுறையில் மனு எழுதியவர்கள் ‘அவர்கள் சமூகத்திற்கு’ என்று தொடங்கி, ‘தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்’ என்று முடித்திருக்கிறார்கள். மாமா அந்த ‘ஊழியன்’ என்ற சொல்லைக் கடைசிவரை எழுதவில்லை. கேட்பவர் அந்த அதிகாரியிடம் வேலை பார்க்கிறவர் இல்லையே என்பார். ‘இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள’ என்று போட்டு, அதன்கீழ் இடதுகைப் பெருவிரல் ரேகை வாங்கி, பக்கத்தில் இன்னாருடைய ரேகை என்று எழுதுவார். உண்மையுள்ள என்ற சொல்லுக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. மேலே சொன்னதெல்லாம் மெய் என்று அந்த ரேகையின் சொந்தக்காரர் பொறுப்பேற்கிறார்.

தமிழாசிரியராக வேலைக்குப் போனபிறகு நான் கடிதம் கற்றுக்கொடுத்ததெல்லாம் அந்தப் புளியமரத்தடிப் பாடம்தான். வழிகாட்டி நூல்களில் மாதிரிக் கடிதங்கள் வரிசையாக இருக்கும். பிள்ளைகள் அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். கேள்வி கொஞ்சம் திரும்பினால் மேல்பகுதி ஒரு கடிதத்திலிருந்தும் கீழ்ப்பகுதி இன்னொரு கடிதத்திலிருந்தும் வந்து உட்கார்ந்துவிடும். ஆகவே நான் மாதிரியைக் கடைசியில்தான் காட்டுவேன். முதலில் கேள்வியை வாசிக்கச் சொல்லி, ‘எழுதுகிறவர் யார், படிக்கிறவர் யார், இவருக்கு அவர் என்ன வேண்டும்’ என்று கேட்பேன். நண்பனா, ஆசிரியரா, முன்பின் பார்த்திராத அலுவலரா? இது தெரிந்தால் விளிச்சொல் வந்துவிடும். விளிச்சொல் வந்தால் முடிக்கும் சொல்லும் அதனுடனேயே வந்துவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில், கடிதத்தின் உடம்பை எழுதுமுன்பே, விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளச் சொல்வேன்.

பழக்கமான ஒரு வினாவையே எடுத்துக்கொள்கிறேன். தெருவிளக்குகள் பழுதாகிவிட்டன, இரவில் நடப்பவர்கள் அவதிப்படுகிறார்கள், ஆவன செய்யும்படி மின்வாரிய அலுவலருக்குக் கடிதம் எழுதுக என்பது. இதை வகுப்பில் எழுதச் சொன்னால் முதல் முயற்சியில் பாதிப் பேர் ‘அன்புள்ள ஐயா’ என்று தொடங்குவார்கள். ‘அன்புள்ள’ என்ற சொல் மேல் நமக்கு என்ன கோபம்? ஒன்றும் இல்லை. ஆனால் அது பழகியவர்களுக்கு இடையில் ஓடுகிற சொல். நாம் யார் என்றே அறியாத ஓர் அலுவலரிடம், அவர் செய்யவேண்டிய கடமையைக் கேட்டுப் போகும்போது, அன்பைச் சொல்லி நுழைவது கேட்கும் காரியத்தைச் சலுகையாக்கிவிடும். அங்கே ‘ஐயா’ மட்டும் போதும். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்றாலும் சரி. இரண்டில் எதற்கும் மதிப்பெண் குறையாது.

அந்தக் கடிதத்தின் மேலும் கீழும் இப்படி இருக்கும்:

அனுப்புநர்
அ அ அ,
ஆ ஆ ஆ,
இ இ இ.

பெறுநர்
உயர்திரு உதவிப் பொறியாளர் அவர்கள்,
மின்வாரிய அலுவலகம்,
இ இ இ.

ஐயா,

பொருள்: தெருவிளக்குகளைப் பழுது நீக்க வேண்டுதல் – சார்பு.

வணக்கம். (செய்தி)

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அ அ அ.

இடம்: இ இ இ
நாள்:

இந்த ‘அ அ அ’ பற்றி ஒரு வார்த்தை. பொதுத்தேர்வு விடைத்தாளில் எழுதியவர் யார், எந்த ஊர், எந்தப் பள்ளி என்று தெரியக்கூடாது. வினாத்தாளிலேயே ஒரு கற்பனைப் பெயரும் முகவரியும் கொடுத்திருந்தால் அதை அப்படியே எழுத வேண்டும். கொடுக்காவிட்டால் இப்படி எழுத்துகளைப் போட வேண்டும். வருடம் முழுக்கச் சொல்லியும், ‘இப்படிக்கு’ என்று எழுதியதும் கை தானாகத் தன் சொந்தப் பெயரைப் போட்டுவிடுகிற பிள்ளைகள் உண்டு. கையெழுத்து என்றால் தன் பெயர் என்று பழகிய கை அது. அதனால் வகுப்பில் பயிற்சிக்கு எழுதும்போதே சொந்தப் பெயரை எழுத விடமாட்டேன்.

‘அனுப்புநர்’, ‘பெறுநர்’ இரண்டிலும் வருவது ‘நர்’. ஓட்டுநர், இயக்குநர் போல. ‘அனுப்புனர்’ என்று எழுதிவிட்டுப் பக்கத்திலேயே ‘பெறுநர்’ என்று சரியாக எழுதுவதை அடிக்கடி பார்க்கலாம். தெருவெல்லாம் ‘ஓட்டுனர்’ என்று எழுதியிருப்பதன் விளைவு.

பெறுநர் வரியில் ‘உயர்திரு’ போட்டு ‘அவர்கள்’ என்று முடிக்கிறோம். ஆகவே விளியில் மறுபடியும் ‘உயர்திரு ஐயா அவர்களே’ என்று குவிக்க வேண்டியதில்லை. மரியாதையை ஓரிடத்தில் முழுதாகக் கொடுத்துவிட்டால் மற்ற இடத்தில் சொல் லேசாக இருக்கலாம். இன்னொன்று, பதவிக்கேற்ற அடைமொழி. அமைச்சருக்கு ‘மாண்புமிகு’, ஆளுநருக்கு ‘மேதகு’, மாநகராட்சி மேயருக்கு ‘வணக்கத்திற்குரிய’ என்று வழக்கம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் அவ்வளவு உயரத்துக்குக் கேள்வி போவது அரிது. ஆனால் மாவட்ட ஆட்சியருக்குப் பிள்ளைகள் ஆசையாக ‘மாண்புமிகு’ போடுவார்கள். அவருக்கு ‘உயர்திரு’ அல்லது ‘மதிப்பிற்குரிய’தான்.

தெருவிளக்குக் கேள்வியை நடத்திய ஒரு நாள், பின்வரிசையில் இருந்து ஒரு பையன் எழுந்தான். அவனுடைய அப்பா ஊராட்சியில் வேலை பார்ப்பவர்.

“ஐயா, தெருவெளக்கு எரியலன்னா எங்கப்பாகிட்டத்தான் வந்து சொல்லுவாங்க. கரண்டு ஆபீஸ்ல சொன்னா ஊராட்சில சொல்லுன்னு அனுப்பிடுவாங்க.”

அவன் சொன்னது உண்மை. மின்சாரம் கொடுப்பது மின்வாரியம்; கிராமத்தில் தெருவிளக்கைப் பராமரிப்பது ஊராட்சி, நகரத்தில் நகராட்சியோ மாநகராட்சியோ. நிஜமாக எழுதவேண்டுமானால் பெறுநர் ஊராட்சி மன்றத் தலைவராகத்தான் இருப்பார். அன்றைக்கு அவனையே கரும்பலகைக்கு வரவழைத்து, அதே கடிதத்தைத் தலைவருக்கு எழுதச் சொன்னேன். ‘உயர்திரு ஊராட்சி மன்றத் தலைவர் அவர்கள்’ என்று எழுதினான். விளிச்சொல்லில் வந்து நின்றுவிட்டான். தலைவர் அவனுக்குப் பெரியப்பா முறை. ‘ஐயா’ என்று எழுதக் கை வரவில்லை.

“வீட்டுல பெரியப்பாதான்டா. இந்தக் காகிதம் போவது அவர் நாற்காலிக்கு. அடுத்த தேர்தலில் வேறு ஒருவர் உட்கார்ந்தாலும் இந்தக் கடிதம் அந்தக் கோப்பில் கிடக்கும். அப்போது படிக்கிறவருக்கும் பொருந்துகிற மாதிரி எழுது” என்றேன். ‘ஐயா’ என்று எழுதினான். பரீட்சையில் கேள்வி மின்வாரிய அலுவலர் என்று சொன்னால் மின்வாரிய அலுவலருக்கே எழுது என்பதையும் சொல்லி அனுப்பினேன். தேர்வுத்தாளில் பெறுநரை மாற்றும் உரிமை நமக்கு இல்லை.

உறவுமுறைச் சொல் அலுவலகக் கடிதத்தில் நுழைந்துவிடுவது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இயல்பு. விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரு முறை ‘அன்புள்ள லைன்மேன் அண்ணனுக்கு’ என்று தொடங்கிய ஒரு கடிதம் எங்கள் மேசைக்கு வந்தது. உள்ளே இருந்த செய்தி அத்தனை உயிரோடு இருந்தது. எந்தக் கம்பத்தில் எத்தனை நாளாக விளக்கு இல்லை, எந்த முனையில் தண்ணீர்க் குடத்தோடு ஒரு அக்கா தடுக்கி விழுந்தார் என்று ஒவ்வொன்றும் பார்த்ததைப் போல எழுதியிருந்தது. என் பக்கத்தில் இருந்த உதவித் தேர்வாளர், கடிதமே தவறான கடிதம் என்று மொத்த மதிப்பெண்ணையும் குறைக்கப் பார்த்தார். நான் விடைக்குறிப்பைக் காட்டினேன். அதில் முகவரி, விளி, செய்தி, முடிப்பு, உறைமேல் முகவரி என்று மதிப்பெண் பிரிந்துதான் இருக்கும். விளிக்கு உரியதை விளியில் கழிக்கலாம். செய்திக்கு உரியதைத் தொட நமக்கு என்ன உரிமை? முதன்மைத் தேர்வாளரிடம் போனது. அவர் செய்திக்கு முழு மதிப்பெண்ணும் கொடுக்கச் சொன்னார். அந்தப் பிள்ளைக்குக் கடிதம் எழுதத் தெரியும். படிக்கிறவர் அண்ணன் இல்லை, அலுவலர் என்பதை மட்டும் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

இதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமான குழப்பம் ஒன்று ‘ஆசிரியர்’ என்ற சொல்லால் வருகிறது. பொங்கல் மலரில் உழவைப் பற்றிய உங்கள் கட்டுரையை வெளியிட வேண்டி நாளிதழ் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுக என்று ஒரு வினா உண்டு. பிள்ளைகளுக்கு ஆசிரியர் என்றால் வகுப்பில் பாடம் நடத்துகிறவர். பெறுநரில் நாளிதழின் பெயரைச் சரியாக எழுதுவார்கள். ஐயா என்று விளிப்பார்கள். செய்தியும் கட்டுரையை வெளியிடக் கேட்டே இருக்கும். கடைசி வரியில் மட்டும் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி’ என்று வந்துவிடும். கடிதம் முழுக்க நாளிதழில் இருந்த மனம், முடிக்கும்போது வகுப்புக்குத் திரும்பிவிட்டது. ‘கீழ்ப்படிதலுள்ள மாணவன்’, ‘கீழ்ப்படிதலுள்ள மாணவி’ என்பது ஒரே ஒரு உறவுக்கு உரியது. வகுப்பாசிரியருக்கோ தலைமையாசிரியருக்கோ எழுதும் விடுப்பு விண்ணப்பம், சான்றிதழ் கேட்கும் விண்ணப்பம் போன்றவற்றில்தான் அது வரும். அங்கே படிக்கிறவருக்கு இந்தப் பிள்ளையின் மேல் பொறுப்பும் அதிகாரமும் இருக்கிறது. நாளிதழின் ஆசிரியருக்கு நாம் கீழ்ப்படிய வேண்டியவர்கள் இல்லை. ஒரு கட்டுரையை எழுதியவராக அவர்முன் நிற்கிறோம். ‘தங்கள் உண்மையுள்ள’தான் பொருத்தம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தேன். கடிதத்தை எழுதி முடித்ததும் செய்தியை விட்டுவிட்டு, பெறுநர், விளி, முடிப்பு இந்த மூன்று வரியை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வாயசைத்துப் படித்துப் பார்க்க வேண்டும். ‘நாளிதழ் ஆசிரியர் அவர்கள் – ஐயா – தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி.’ காதிலேயே இடிக்கும். நடுவில் பத்துப் பதினைந்து வரி இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத முரண், வரிகளை அடுத்தடுத்து வைத்தால் தெரிந்துவிடும்.

அதே மாதிரி முடிப்போடு இடிக்கிற இன்னொன்று உண்டு. அது செய்தியின் கடைசி வாக்கியத்தில் ஒளிந்திருக்கும். ஊர்ப் பொதுமக்கள் சார்பில் குடிநீர் வசதி கேட்டு விண்ணப்பம் என்று கேள்வி வரும். பிள்ளைகள் கடைசியில் அழகாக ‘தங்கள் உண்மையுள்ள, ஊர்ப் பொதுமக்கள்’ என்று போடுவார்கள். மேலே பார்த்தால் ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று இருக்கும். ஊரே கையெழுத்துப் போடுகிறது, கேட்பவர் மட்டும் ஒருவர். ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்று இருக்க வேண்டும். ‘எங்கள் தெரு’, ‘நாங்கள்’ என்று முதல் வரியிலிருந்தே அது பன்மையாக வர வேண்டும். அதேபோல ‘தங்கள் உண்மையுள்ள’ என்று முடிக்கிறவர் நடுவில் ‘நீங்கள் வந்து பார்க்க வேண்டும்’ என்று இறங்கக்கூடாது. ‘தாங்கள் நேரில் பார்வையிட்டு’ என்று கடைசிவரை ஒரே உயரத்தில் போக வேண்டும். தோழிக்கு எழுதும் வாழ்த்து மடலில் இதற்கு நேர்மாறு. ‘அன்புள்ள தோழிக்கு’ என்று தொடங்கினால் ‘நீ’, ‘உன்’ என்று போய், ‘உன் அன்புத் தோழி’ என்று முடியும். இடமும் நாளும் மேலே வலப்பக்கம் ஏறிக்கொள்ளும். அலுவலகக் கடிதத்தில் அவை கீழே இடப்பக்கம். தோழிக்கு எழுதிய மடலில் அனுப்புநர், பெறுநர் இரண்டும் தலையில் உட்கார்ந்திருந்தால், எழுதியவர் இரண்டு உறவையும் கலந்துவிட்டார் என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

பெண் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு மாற்றலாகிப் போன வருடம் ஒரு மாணவி கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது.

“ஐயா, அலுவலர்னுதானே கேள்வில இருக்கு. அவங்க அம்மாவா இருந்தா?”

அந்த வயதில் எனக்கு இது தோன்றியதில்லை. மாமாவின் காலத்துத் தாலுகா ஆபீஸில் வட்டாட்சியர் என்றால் ஐயாதான். இப்போது அந்த நாற்காலியில் பாதி நேரம் ஒரு அம்மா இருக்கிறார். அரசு அலுவலகங்களிலிருந்து போகும் கடிதங்களில் ‘ஐயா / அம்மையீர்’ என்று இரண்டையும் போடும் வழக்கம் இருப்பதை அவளுக்குக் காட்டினேன். கேள்வியில் தலைமையாசிரியை என்றோ, பெண்பாலைக் காட்டும் வேறு சொல்லோ இருந்தால் ‘அம்மா’ அல்லது ‘அம்மையீர்’ என்று மட்டும் எழுது. தெரியாதபோது இரண்டையும் சாய்கோடிட்டு எழுது. நேரில் கொடுக்கப்போகும் கடிதமானால் ஆளை விசாரித்து ஒன்றை மட்டும் எழுது என்றேன். அன்றிலிருந்து அந்த வகுப்பில் எல்லாக் கடிதமும் ‘ஐயா / அம்மையீர்’ என்றுதான் தொடங்கின. எனக்கு அதில் மகிழ்ச்சி.

ஓய்வுபெற்ற பிறகு எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் தேர்வாணையத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களோடு உட்காரத் தொடங்கினேன். தொகுதி இரண்டு முதன்மைத் தேர்வின் கட்டாயத் தமிழ்த் தாளில் அலுவல் சார்ந்த கடிதம் வரைதலும் ஒரு பகுதி. பள்ளிக் கடிதத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று. பள்ளியில் எழுதுகிறவர் எப்போதும் கேட்கிற இடத்தில் இருக்கிறார். இங்கே எழுதுகிறவரே அலுவலராகிவிடலாம். அப்போது விளியும் முடிப்பும் வேறு கணக்குக்குப் போகின்றன.

பயிற்சிக்காக இரண்டு வினாக்களை நானே அமைத்துக் கொடுத்தேன். ஏரிக்கரை உடைந்து பயிர் மூழ்கிய விவரத்தை வட்டாட்சியர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது ஒன்று. அதே பொருளில், விவரம் அனுப்பத் தாமதித்த வட்டாட்சியருக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்து குறிப்பாணை அனுப்புவது மற்றது. முதலாவதை எல்லோரும் நன்றாகவே எழுதினார்கள். ந.க. எண், நாள், ‘ஐயா’, பொருள், அதன்கீழ் பார்வை, செய்தி, ‘தங்கள் உண்மையுள்ள’, பெயர் இல்லாமல் ‘வட்டாட்சியர்’ என்ற பதவி மட்டும். தேர்வாணையத் தாளிலும் சொந்த அடையாளம் வரக்கூடாது என்பதால் பதவியோடு நிறுத்துவது இரட்டிப்புச் சரி.

குறிப்பாணையில் ஒரு பெண் தடுமாறினார். கூட்டுறவுச் சங்கத்தில் தற்காலிக வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர். ‘ஐயா’ என்று தொடங்கி, ‘விவரங்களை விரைந்து அனுப்புமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதி, ‘தங்கள் உண்மையுள்ள, மாவட்ட ஆட்சியர்’ என்று முடித்திருந்தார்.

“ஐயா, மேலதிகாரி எழுதுறதால ‘பணிவுடன்’ங்கிறத எடுத்துடவா?”

“அதை எடுத்தால் மட்டும் போதாதும்மா. குறிப்பாணைல யாரும் யாரையும் பார்த்துப் பேசுறதில்ல. ‘வட்டாட்சியர் அனுப்புமாறு அறிவுறுத்தப்படுகிறார்’னு படர்க்கைல போகும். எதிரே ஆள் இல்லாதப்போ யாரை ‘ஐயா’ன்னு கூப்பிடுறது?”

அவர் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு கேட்டார்: “அப்போ ‘தங்கள்’னும் வராது. ‘தங்கள்’ வரலைன்னா ‘உண்மையுள்ள’வும் வராது. அப்படித்தானே?”

அப்படித்தான். விளி இல்லாத இடத்தில் முடிப்பும் இல்லை. தலைப்பில் குறிப்பாணை என்றும் எண்ணும் நாளும் பொருளும் பார்வையும், பிறகு படர்க்கையில் செய்தி, அடியில் பதவியின் கையொப்பம், அதற்குக் கீழே இடப்பக்கம் பெறுநர். பள்ளிக் கடிதத்தில் தலையில் இருந்த பெறுநர் இங்கே காலடிக்கு வந்துவிடுகிறார்.

“நேர்முகக் கடிதம்னு ஒண்ணு இருக்காமே, அதுல எப்படி?” என்றார் அடுத்து. ஓர் அலுவலர் இன்னோர் அலுவலரின் தனிக்கவனத்தைக் கேட்டு, பெயர் சொல்லி எழுதுவது அது. அதில்தான் நான் இத்தனை வருடம் பிள்ளைகளை விலக்கச் சொன்ன ‘அன்புள்ள’ சரியான உரிமையோடு வருகிறது. ‘அன்புள்ள திரு’ என்று பெயரோடு தொடங்கி, ‘தங்கள் அன்புள்ள’ என்று முடியும். பெயர் சொல்லும் அளவுக்கு அறிமுகம் இருப்பதால் அன்பு அங்கே பொருந்துகிறது.

அவர் ஒரு புதிய தாளை எடுத்து ஏரிக்கரை விவரத்தையே மூன்று விதமாக எழுதத் தொடங்கினார். இடப்பக்கம் கடிதம், நடுவில் குறிப்பாணை, வலப்பக்கம் நேர்முகக் கடிதம். செய்தி எதையும் எழுதவில்லை. முதலில் மூன்றின் மேல்வரியையும் கீழ்வரியையும் மட்டும் எழுதிவிட்டு, குறிப்பாணையின் இரண்டு வரியிலும் குறுக்கே ஒரு கோடு போட்டார். பிறகுதான் நடுவில் எழுத ஆரம்பித்தார்.